லினோவில் எழுத்து உடைகிறது

> "அச்சு எடுக்க லினோ தகட்டில் 'மழை' என்று செதுக்குகிறேன். ழ-வின் வால் உடைந்துவிடுகிறது. இடவல மாற்றமும் குழப்புகிறது."

கத்தியின் சாய்வைப் பாருங்கள். கோட்டுக்கு அடியில் குடைந்தால் மேலே அகலமாகத் தெரிந்தாலும் வேரில் பிடிப்பு இருக்காது, மை உருளை ஏறியதும் பிய்ந்துவிடும். கத்தி முனை கோட்டை விட்டு வெளியே சரியட்டும். அடி அகலமாக நிற்கும். வாலை 2 மில்லிமீட்டராவது தடிமனாக வரையுங்கள். சுழிக்குள் இருக்கும் வெள்ளையை முதலில் எடுங்கள், சுற்றிலும் லினோ தாங்கும்போதே. வெளிப்புறம் அப்புறம். லினோ குளிர்ந்து விறைத்திருந்தால் கொஞ்சம் வெயிலில் வையுங்கள், இளகும்.

இடவலத்தைக் கையால் மாற்றவே வேண்டாம். டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் நேராக எழுதி, லினோமேல் கவிழ்த்து வைத்து, கரண்டியின் முதுகால் தேயுங்கள். லினோவில் இடமிருந்து ழ, ஐகாரக் கொம்பு, ம என்று வந்தால் சரி.