கரையில் ஆள் நின்றால் குளத்து மீன் ஏன் ஓடி வருகிறது? – கேள்வி பதில்

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர்: அக்கா, 10 சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் விட்டு ஐந்து மாதம் ஆகிறது. இப்போது கரைக்கு யார் போனாலும் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. அவ்வளவு பசியா?

பசி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேலே வருவதை வைத்து அதைச் சொல்ல முடியாது. குஞ்சு விட்ட முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் கரையில் நின்றதும் எல்லாம் ஆழத்துக்கு ஓடியிருக்கும். மேலிருந்து வரும் உருவம் என்றால் மீனுக்குக் கொக்கு, மீன்கொத்தி, இல்லையென்றால் வலை. அந்தப் பயம் பிறவியிலேயே உண்டு.

அப்புறம் தினமும் நீங்கள் வந்து நின்றீர்கள், ஒன்றும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அதனால் பயம் தேய்ந்தது. அதோடு, நீங்கள் வந்த சில நொடிகளில் தவிடும் புண்ணாக்கும் தண்ணீரில் விழுந்தது. ஆள் வந்தால் தீனி என்று மீனுக்குப் பதிந்துவிட்டது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போட்டால் ஓரிரண்டு வாரத்திலேயே இது நடக்கும். இப்போது அவை வருவது வயிற்றைக் கேட்டு அல்ல, உங்கள் காலடியைக் கேட்டு. வயிறு நிறைந்த மீனும் வரும். ஒரு மீன் விருட்டென்று திரும்பினால் பக்கத்தில் இருப்பதும் காரணம் தெரியாமலே கூடத் திரும்பும். நாலு மீன் உங்களைக் கவனித்திருந்தால் போதும், நாற்பது மேலே வந்துவிடும்.

அதே நபர்: அப்படியென்றால் வரும்போதெல்லாம் ஒரு கை போடுவது தப்பா? அப்பா, பையன், பக்கத்து வயல்காரர் எல்லாரும் போடுகிறோம். நான் காலையில் தனியாக இரண்டரைக் கிலோ போடுகிறேன்.

கணக்குப் பார்த்துவிடலாம். 10 சென்ட் என்பது சுமார் 400 சதுர மீட்டர். எவ்வளவு விட்டீர்கள் என்று சொல்லவில்லை. வழக்கமான அளவில் 400 குஞ்சு விட்டு, இன்று 300 மீன் தலைக்கு 300 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90 கிலோ. இந்தப் பருவத்தில் எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு தீனி போதும். அது 1.8 கிலோவிலிருந்து 2.7 கிலோ வரை. நீங்கள் காலையில் போடும் இரண்டரைக் கிலோவிலேயே நாள் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் ஆளுக்கு நாலு கை போட்டால் அதெல்லாம் மேல்கணக்கு. அது அடியில் அழுகும், தண்ணீர் பச்சையாகத் தடிக்கும், அந்தப் பாசி ராத்திரி தண்ணீரில் உள்ள காற்றைத் தின்னும்.

நான் வைத்தது குத்துமதிப்பு. நீங்கள் வலை வீசி இருபது மீனாவது பிடித்து எடை போட்டுப் பாருங்கள். தீனி போதுமா என்று பார்க்க ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அதில் கொஞ்சம் தீனி வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கும்போது மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். துடைத்து வைத்தது போல இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். மீனின் வாயைவிட அந்தத் தட்டை நம்புங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: மீனுக்குக் காது கிடையாது மேடம். நிலத்து அதிர்வுதான் எல்லாம். நாம் பேசுவது அதற்குக் கேட்கவே கேட்காது.

அதிர்வைப் பற்றிச் சொன்னது சரி. கரையில் நடக்கும் அதிர்வு மண் வழியாகத் தண்ணீருக்குள் போகிறது. மீனின் இரண்டு பக்கமும் செவுளிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடும். பக்கத்தில் நீர் அசைவதை அதுதான் உணரும். ஆனால் காது இல்லை என்பது சரியில்லை. வெளியே துளை தெரியாது, தலைக்குள் உள்காது இருக்கிறது. அதிலும் கெண்டை இனத்துக்கும் கெளுத்திக்கும் சின்னச் சின்ன எலும்புகள் காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கின்றன. காற்றுப்பை ஒலியில் அதிரும், எலும்புகள் அதைக் காதுக்குக் கடத்தும். நம் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கெண்டைகள், அதனால் நன்றாகவே கேட்கும். ஜிலேபிக்கு அந்த எலும்பு இணைப்பு கிடையாது, அதன் கேள்வித்திறன் குறைவு.

காற்றில் நாம் பேசும் பேச்சில் பெரும்பங்கு நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். அதனால் உங்கள் பேச்சைவிடக் காலடி அதற்குத் தெளிவு. ஆனாலும் பலமான ஒலி உள்ளே போகும். கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற ஆய்வாளர் பார்வை இல்லாத ஒரு கெளுத்திக்கு விசில் அடித்துத் தீனி கொடுத்துப் பழக்கினார். பிறகு விசில் அடித்தாலே அது ஒளிந்திருந்த இடத்திலிருந்து வெளியே வந்தது. 1923இல் அதை எழுதி வெளியிட்டார். அந்த மீனுக்குக் கண் இல்லை, காதுதான் வழிகாட்டியது.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: எங்கள் தொட்டி தெளிந்த தண்ணீர். நான் குனிந்து போனால் மீன் கண்டுகொள்வதில்லை, நிமிர்ந்தால் ஓடி வருகிறது. பார்வைதானே காரணம்?

உங்கள் தொட்டியில் பார்வைதான் முந்தும். நீருக்கு அடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அந்த வட்டத்தைத் தாண்டினால் அடித்தரையின் பிம்பம்தான். கரையோரம் தாழ்வாக இருப்பவை வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிப்போகும். நிமிர்ந்தால் உங்கள் உருவம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. தூண்டில்காரர்கள் குனிந்து போவதும் இதனால்தான்.

பட்டுக்கோட்டைக்காரர் குட்டையில் கதை வேறு. பச்சைத் தண்ணீரில் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. அங்கே மீன் உங்களைப் பார்ப்பது கடைசியில்தான், முதலில் காலடி. சந்தேகம் இருந்தால், கரைக்குப் பின்னால் உட்கார்ந்து தலை தெரியாமல் மண்ணைக் காலால் தட்டிப் பாருங்கள். இன்னொரு நாள் வெறுங்காலில் மெதுவாக வந்து சத்தமில்லாமல் நில்லுங்கள். எதற்கு வருகின்றன என்று பார்த்தால் உங்கள் குளத்து மீன் எதை நம்புகிறது என்று தெரிந்துவிடும்.

திருவாரூரிலிருந்து ஒருவர்: நான் விடியற்காலை ஐந்து மணிக்குப் போவேன். குளம் முழுக்க மீன் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கும். ஐப்பசியில் மூட்டம் போட்ட நாட்களில் இன்னும் நிறைய. எனக்காகக் காத்திருக்கிறது என்று சந்தோஷமாக இருக்கும்.

ஐயா, உங்கள் கேள்விக்குத்தான் நான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும். இது உங்களை வரவேற்கும் கூட்டமாகத் தெரியவில்லை. மூச்சுக்குத் திணறும் கூட்டமாகத்தான் தெரிகிறது.

எனக்கு இதில் ஒரு பழைய வலி இருக்கிறது. குளம் எடுத்த இரண்டாம் வருடம், மூன்று நாள் மூட்டம். மூன்றாம் நாள் விடியலில் மீன்கள் மேலே நின்றன. பசி என்று நினைத்து வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தவிடு போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை பெரிய கட்லாக்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. நான் போட்ட தவிடு ராத்திரி முழுக்க இருந்த காற்றையும் தின்றுவிட்டது.

பகலில் பாசி வெயிலில் காற்றை உண்டாக்கும், ராத்திரி செலவழிக்கும். மூட்டமான நாளில் வரவு குறைவு, செலவு அதே அளவு. அதனால் விடியும் நேரத்தில்தான் மிகவும் குறையும். பழக்கத்தில் வரும் மீன் நீங்கள் நிற்கும் மூலைக்கு வரும், கை தட்டினால் சட்டென்று கீழே போய் மறுபடி வரும். திணறும் மீன் குளம் முழுக்கப் பரந்து நிற்கும், நீங்கள் இல்லாதபோதும் நிற்கும், தட்டினாலும் சோம்பலாக இருக்கும். இன்னொன்று, மிர்கால் அடியில் மேயும் மீன். மிதக்கும் தீனிக்குப் பழகாத மிர்கால் மேலே வந்து நின்றால் எனக்கு அப்போதே வயிறு கலங்கும். வெயில் ஏறியதும் எல்லாம் தானாக இறங்கிவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

அப்படி இருந்தால் அன்றைக்குத் தீனி வேண்டாம், சாணமும் வேண்டாம். பம்பு செட் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். புதுத் தண்ணீர் இல்லையென்றால் குளத்துத் தண்ணீரையே எடுத்து வீசி விடலாம். நாளைக்கே நாலரை மணிக்குப் போய் கரையிலிருந்து பத்தடி தள்ளி நின்று டார்ச் அடிக்காமல் பாருங்கள். உங்களைத் தெரிவதற்கு முன்பே மேலே நின்றால் பம்பை ஓட்டுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: என் குளத்தில் விரால்தான். அதுவும் வந்து வந்து போகிறது, ஆனால் நான் போட்டால் தின்பதில்லை. பழக்கம் பிடிக்கவில்லையா?

விரால் மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கும் மீன். ஒவ்வொன்றும் தன் போக்கில் வந்து ஒரு வாய் குடித்துவிட்டு இறங்கினால் அது மூச்சு, உங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தவிட்டை அது சீண்டாது, உயிருள்ள இரையை விரட்டித் தின்னும் இனம். குச்சித் தீனிக்குப் பழக்க வேண்டுமென்றால் குஞ்சிலிருந்தே தொடங்க வேண்டும்.

மதுரையிலிருந்து மறுபடி: அப்போ பட்டுக்கோட்டைக்காரர் பழக்கத்தை எப்படி விடுவிப்பது? நாலு நாள் போடாமல் விட்டால் போதுமா?

போதாது. அதிலும் ஒருநாள் போட்டு ஒருநாள் போடாமல் விட்டால் பழக்கம் இன்னும் கெட்டிப்படும். எப்போதாவது கிடைக்கும் என்று மீன் விடாமல் வந்துகொண்டே இருக்கும். இடத்தை மாற்றுவது எளிது. துளை போட்ட உரச்சாக்கில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் நிரப்பி, குளத்தில் நட்ட கம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். கரையில் நின்று யாரும் கை வீச வேண்டாம். மீன் கம்பைச் சுற்றப் பழகும். திருடனுக்கும் அதே மீன்தான் ஓடி வரும் என்பதால் இது நல்லதுதான்.

பட்டுக்கோட்டைக்காரர்: கடைசியாக ஒன்று. நான் வந்தால் வருகிறது, என் மனைவி வந்தால் அவ்வளவு வருவதில்லை. என்னை அடையாளம் தெரிகிறதா?

இதில் நான் தீர்த்துச் சொல்ல மாட்டேன். நீரை உமிழ்ந்து பூச்சி வீழ்த்தும் வில்மீனுக்கு மனித முகங்களின் படத்தைப் பிரித்தறியக் கற்றுக்கொடுக்க முடிந்தது என்று 2016இல் வெளிவந்தது. ஆனால் அது தெளிந்த நீரில், நிறைய பழக்கிய பிறகு. உங்கள் பச்சைக் குட்டையில் கட்லாவுக்கு முகம் தெரிவது கடினம். உங்கள் நடை, வரும் நேரம், வாளி இடிபடும் ஓசை, எந்த மூலைக்கு வருகிறீர்கள் என்பதெல்லாம் இருக்கிறது. உங்கள் மனைவியை உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு, உங்கள் வாளியோடு, உங்கள் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். ஐந்து நாள் அவர், ஐந்து நாள் நீங்கள், ஒரு நிமிடத்தில் எத்தனை மீன் மூலைக்கு வந்தது என்று குறித்துக்கொண்டு எழுதுங்கள்.