எம்பர்ஃபேயும் பஸே கொம்போஸேயும்: தமிழ் வினைமுடிவை மட்டும் பார்த்தால் ஏன் பிழைக்கிறது?

கேள்வி: பிரெஞ்சின் இரண்டு இறந்தகாலங்களில், தமிழில் "செய்துகொண்டிருந்தேன்" என்று வந்தால் எம்பர்ஃபே, "செய்தேன்" என்று வந்தால் பஸே கொம்போஸே என்று ரியூசனில் படித்தேன். அப்படியே எழுதினால் கட்டுரையில் பாதி பிழையாகிறது. எங்கே தவறு?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு, பாரிஸில் இருக்கும் மாமா வீட்டாரோடு பேசுவதற்காகவே பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய எனக்கும் இதே விதியைத்தான் சொல்லித் தந்தார்கள். இப்போது மாலையில் அயலிலுள்ள சில மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும்போது, அந்த விதியைத் தருவதற்குப் பதிலாக அவர்களிடம் ஒரு பந்தியைத் தருகிறேன். பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டலைப் பாடநூலில் பார்த்துக்கொள்ளவும்.

"சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் இரணைமடுக் குளத்துக்குப் போவோம். குளக்கட்டுக்குக் கீழே ஒரு பெரிய மருதமரம் நின்றது. ஒரு நாள் அதன் அடியில் விளையாடிக்கொண்டிருந்தோம். திடீரென்று மழை வந்தது. இரண்டு மணித்தியாலம் பெய்துகொண்டிருந்தது. பிறகு அப்பா வந்தார்."

இதில் முற்றுவினைகள் ஆறு. "விளையாடிக்கொண்டிருந்தோம்" எம்பர்ஃபே, "மழை வந்தது", "அப்பா வந்தார்" இரண்டும் பஸே கொம்போஸே என்பதில் உங்கள் விதி சரியாகிறது. மற்ற மூன்றிலும் அது கைவிடுகிறது.

முதலில் "போவோம்". வடிவத்தில் இது எதிர்காலம், பொருளில் இறந்தகால வழக்கம். முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்ல நாம் எதிர்கால வினையையே எடுக்கிறோம். பிரெஞ்சில் அதற்கு எம்பர்ஃபே, அதாவது "நூஸாலியோன்". மாணவர்கள் பலர் இதைக் கண்டவுடன் பிரெஞ்சு எதிர்காலத்தை எழுதிவிடுகிறார்கள், அல்லது "போனோம்" என்று மனதுக்குள் மாற்றிக்கொண்டு பஸே கொம்போஸேயில் எழுதுகிறார்கள். உண்மையில் எம்பர்ஃபேக்கு நம் மொழியில் மிகவும் நம்பத்தகுந்த அடையாளம் "கொண்டிருந்தேன்" அல்ல, சின்ன வயதைப் பற்றிப் பேசும்போது வரும் இந்தப் "போவோம், குளிப்போம், சாப்பிடுவோம்" என்பதுதான் என்பது என் கருத்து. ஆனால் "அந்த மாதம் மூன்று முறை போனோம்" என்று எண்ணிச் சொன்னால், திரும்பத் திரும்ப நடந்திருந்தாலும் அது முடிந்த கணக்கு. பஸே கொம்போஸேதான் வரும்.

அடுத்து "மரம் நின்றது". தமிழில் இது "வந்தது" போன்ற அதே சாதாரண இறந்தகாலம். ஆகவே வடிவம் எதையும் காட்டாது. மரம் அன்று நடந்த ஒரு செயலைச் செய்யவில்லை, கதை நடக்கும் இடத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. இருந்தது, தெரிந்தது, பிடித்தது, பசித்தது போன்ற நிலையைக் காட்டும் வினைகள் பின்னணியைச் சொல்ல வரும்போது எம்பர்ஃபேயாகும். இவற்றையே பஸே கொம்போஸேயில் வைத்தால் பொருள் மாறக்கூடும்: "ஜ ஸவே" என்றால் எனக்கு அப்போது தெரிந்திருந்தது, "ஜே ஸு" என்றால் எனக்குத் தெரியவந்தது. இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் நாம் இரண்டு தனிச் சொற்றொடர்களைப் பயன்படுத்துகிறோம். பிரெஞ்சில் காலமே அந்த வேலையைச் செய்கிறது.

மூன்றாவது "பெய்துகொண்டிருந்தது". மாணவர்கள் அதிகமாக விழும் குழி இதுதான். செயல் நீண்டது என்பதால் எம்பர்ஃபே என்று நினைக்கிறார்கள். ஆனால் பிரெஞ்சு பார்ப்பது நீளத்தை அல்ல, எல்லையை. "இரண்டு மணித்தியாலம்" என்று தொடக்கமும் முடிவும் சேர்த்து அளந்துவிட்டால், அந்த மழை முழுவதும் ஒரே பொட்டலமாகிவிடும்: "இல் அ ப்ளூ பாந்தான் தஸேர்". நூறு ஆண்டுகள் பெய்திருந்தாலும் அப்படித்தான்.

இதே வாக்கியத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள்: "இரண்டு மணித்தியாலமாகப் பெய்துகொண்டிருந்தபோது அப்பா வந்தார்." இப்போது அப்பா வரும் கணத்தில் மழை இன்னும் விடவில்லை, அளவு அந்தக் கணம் வரைக்கும் மட்டுமே. ஆகவே "இல் ப்ளவே தப்புயி தஸேர்" என்று எம்பர்ஃபேயில் எழுதி, அப்பா வந்ததைப் பஸே கொம்போஸேயில் வைக்க வேண்டும். "மணித்தியாலம்" என்பதற்கும் "மணித்தியாலமாக" என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு பல இடங்களில் "பாந்தான்", "தப்புயி" இரண்டுக்கும் இடையிலுள்ளதை ஒத்திருக்கிறது. பேச்சில் நாம் இதைக் கலந்து சொல்வதால், "அப்பா வந்தபோது மழை விட்டிருந்ததா, விடவில்லையா?" என்று கேட்டுப் பார்த்த பின்னரே காலத்தைத் தீர்மானிக்கச் சொல்கிறேன்.