குரல் கச்சிதம், ஆனாலும் ஆள் தெரியவில்லையா?

"கல்லூரி கலைவிழாவில் ரஜினி மாதிரி பேசப் போகிறேன். பதிவு செய்து கேட்டால் குரல் நன்றாகவே ஒத்துப்போகிறது. நண்பர்களிடம் பேசிக் காட்டினால் மட்டும் 'யாருடா இது?' என்கிறார்கள். எங்கே தப்பு?"

குரலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவருடைய வேகத்தைப் பிடியுங்கள்.

நாம் ஒருவரை அடையாளம் காண்பது, அவர் மற்றவர்களிடமிருந்து எந்த இடத்தில் விலகுகிறார் என்பதை வைத்துத்தான். அந்த விலகலைக் கூட்டினால் ஆள் இன்னும் சீக்கிரம் பிடிபடுவார். முகங்களின் கோட்டோவியங்களை வைத்து 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உள்ளபடி வரைந்த முகத்தைவிட மிகைப்படுத்தி வரைந்த முகத்தையே மக்கள் விரைவாகக் கண்டுகொண்டார்கள். மிமிக்ரி மேடையிலும் இதே கதைதான். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் ஒத்துப் பேசினால் எதுவும் எடுப்பாகத் தெரியாது.

ரஜினியிடம் எடுக்க வேண்டியது, சொற்களை ஒரே மூச்சில் ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்துவது. படத்து வசனத்தில் இதைப் பழகாதீர்கள். வசனமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், உங்கள் வேலை தெரியாது. சாதாரண வாக்கியம் ஒன்றை எடுங்கள்: "நாளைக்குக் காலையில ஹால் டிக்கெட் வாங்கணும், மறந்துடாதே." 'வாங்கணும்' வரை இடைவெளியே இல்லாமல் உருட்டிவிட்டு நிறுத்துங்கள். முழுசாக ஒரு நொடி அமைதி. அந்த அமைதியில் கை தலைமுடியைக் கோதட்டும். பிறகு 'மறந்துடாதே' மட்டும் தனியாக, அழுத்தமாக. கை அசைவும் பேச்சும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

எவ்வளவு கூட்டுவது? நீங்கள் யாரைச் செய்யப்போகிறீர்கள் என்றே தெரியாத ஒருவர் முன்னால், பெயர் சொல்லாமல் பேசிக் காட்டுங்கள். அவர் கண்டுபிடிக்கும்வரை ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் கூட்டிக்கொண்டே போங்கள். கண்டுபிடித்ததும், "எதை வைத்துச் சொன்னாய்?" என்று கேளுங்கள். "அந்த வேகம்" என்று சொன்னால் சரியான இழையைப் பிடித்துவிட்டீர்கள். "ஏதோ அவர் மாதிரி இருந்தது" என்றால் இன்னும் கூட்ட வேண்டும். ஆனால் சொற்களே புரியாத அளவுக்கு உருட்டினால் மிஞ்சிவிட்டது. அங்கிருந்து ஒரு படி இறங்குங்கள்.

முதல் சில வாக்கியங்களில் ஆள் பிடிபட்ட பிறகு ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் குறைத்துவிடலாம். அதன் பின் வெறும் உங்கள் குரலிலேயே பேசினாலும் பார்ப்பவர்கள் அவரைத்தான் பார்ப்பார்கள். இதை மேடையில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பூரிப்புதான். ஆகவே கரகரப்புக்காகத் தொண்டையை இறுக்க வேண்டாம். தொண்டை எரிந்தால் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். அன்றைக்கு ஒத்திகையை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, மைக்கை இடது கையில் பிடித்தே பழகுங்கள். முடியைக் கோத வலது கை காலியாக இருக்க வேண்டும்.