ரிவியூவர் "ஏன் மான்-விட்னி?" என்று கேட்டால்

"பினாங்கு கிளினிக்கில் காத்திருப்பு நேரம், இரண்டு குழு, தலா 22 பேர். மான்-விட்னி போட்டேன். ஏன் டி-டெஸ்ட் இல்லை என்கிறார் ரிவியூவர். என்ன எழுதலாம்?"

வணக்கம். ஷாபிரோ-வில்க்கில் p < 0.05 என்று மட்டும் எழுதிவிடாதீங்க. 22 பேரில் அந்தச் சோதனை கோணலைத் தவறவிடவும் கூடும். தரவையே காட்டுங்க. கடிதத்தில் இப்படிப் போகலாம்:

"பெரும்பாலோர் சீக்கிரம் முடித்தனர், மிக நீண்ட நேரம் காத்திருந்த சிலர் சராசரியை மேலே இழுத்தனர். எனவே தரவரிசைச் சோதனையைத் தேர்ந்தோம். வெல்ச் டி-டெஸ்ட் முடிவையும் இணைத்துள்ளோம்."

வெல்ச் வேறு முடிவு தந்தாலும் மறைக்காதீங்க. "இடைநிலைகள் வேறுபடுகின்றன" என்றும் எழுத வேண்டாம். இரு பரவல்களும் ஒரே வடிவில் இருந்தால்தான் அது செல்லும். வித்தியாசம் எத்தனை நிமிடம் என்பதை நம்பிக்கை இடைவெளியோடு கொடுங்க. ஆரில்:

```
wilcox.test(y ~ g, conf.int = TRUE)
```

ஆனால் உங்கள் கேள்வியே சராசரி நேரம் பற்றியது என்றால், ரிவியூவர் பக்கம்தான் நியாயம்.