நிறைக்கு மறுதாக்கம் எங்கே?

வணக்கம் ஐயா,
நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். மேசைமேல் ஓய்விலிருக்கும் புத்தகத்தின் மீது தாக்கும் விசைகளை வரைந்து, தாக்க மறுதாக்கச் சோடியைக் குறிக்கச் சொன்னார்கள். நிறையையும் செவ்வன் மறுதாக்கத்தையும் சோடியாகக் குறித்தேன். சேர் பிழை போட்டுவிட்டார். இரண்டும் சமன், திசையும் எதிர். பிறகு ஏன் பிழை?
— மாணவி, உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள மாணவிக்கு,

சேர் போட்டது சரிதான். நீங்கள் சொல்வதும் உண்மை: இரண்டும் சமன், திசையும் எதிர். ஆனால் அவை சமனாக இருப்பதற்குக் காரணம் நியூற்றனின் மூன்றாம் விதி அல்ல. புத்தகம் ஆர்முடுகாமல் இருப்பதுதான் காரணம்.

படத்திலிருந்து தொடங்குவோம். நாலு காலோடு மேசையை வரைந்து அதன்மேல் புத்தகத்தை வைத்தால், இரண்டும் தொடும் கோட்டில் போடும் அம்புக்குறி எந்தப் பொருளின் மீது தாக்குகிறது என்று பிறகு உங்களுக்கே தெரியாமல் போகும். அதனால் மேசையை வரையவே வேண்டாம். ஒரு செவ்வகம் மட்டும் போடுங்கள், அது புத்தகம். இப்போது இரண்டு கேள்விகள்: புத்தகத்தைத் தொடுவது எது? தொடாமல் இழுப்பது எது? தொடுவது மேசை, இழுப்பது பூமி. (காற்றும் தொடுகிறது, ஆனால் அதன் மேலுதைப்பு மிகச் சிறியது, விட்டுவிடலாம்.) ஆக, இரண்டே அம்புக்குறிகள். புத்தகத்தின் திணிவு அரைக் கிலோகிராம் என்றும், g-ஐ 10 என்றும் எடுத்தால், கீழ்நோக்கி 5 நியூற்றன், மேல்நோக்கி 5 நியூற்றன். மேசையைப் புத்தகம் கீழே தள்ளுகிறதே, அது எங்கே என்று கேட்கலாம். அது மேசையின் மீது தாக்கும் விசை. மேசைக்குத் தனிப்படம் வரையும்போது அதில் வரும், இதில் வராது.

அப்புறம் சோடி. ஒவ்வொரு விசையையும் ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். நிறை என்றால், ‘பூமி புத்தகத்தை ஈர்க்கிறது’. இதில் இரு பொருள்களையும் இடம் மாற்றுங்கள், வினையை அப்படியே விடுங்கள்: ‘புத்தகம் பூமியை ஈர்க்கிறது’. நிறையின் சோடி இதுதான். அந்த விசையும் 5 நியூற்றன்தான், பூமியின் மீது மேல்நோக்கித் தாக்குகிறது. பூமியின் திணிவு ஏறத்தாழ 6 × 10²⁴ கிலோகிராம் என்பதால் அதன் விளைவு நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதேபோல ‘மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது’ என்பதற்குச் சோடி ‘புத்தகம் மேசையைத் தள்ளுகிறது’. ஒரு சோடியின் இரு விசைகளும் ஒரே பொருளின் மீது ஒருபோதும் தாக்கமாட்டா. நீங்கள் குறித்த இரண்டும் புத்தகத்தின் மீதே தாக்குகின்றன. அதோடு ஒன்று ஈர்ப்பு விசை, மற்றது தொடுகை விசை.

இதை நம்பக் கஷ்டமாக இருந்தால் புத்தகத்தைக் கையால் 3 நியூற்றன் விசையோடு கீழே அழுத்துங்கள். நிறை மாறாது, 5 தான். செவ்வன் மறுதாக்கமோ 8 ஆகிவிடும். சோடியாக இருந்தால் இப்படி வேறுபட முடியாது. அதே நேரத்தில் உண்மையான சோடிகளைப் பாருங்கள்: மேசை புத்தகத்தைத் தள்ளுவது 8, புத்தகம் மேசையைத் தள்ளுவதும் 8. மேசையின் படத்தில் ‘புத்தகத்தின் நிறை’ என்று எழுதுவது ஏன் பிழை என்பதும் இங்கே விளங்கும். நிறை மேசையின் மீது தாக்குவதே இல்லை.

கையை எடுத்துவிட்டு, அதே புத்தகத்தை உட்துறைமுகத்தில் நிற்கும் ஒரு படகின் பலகையில் வைப்போம். அலையின் பள்ளத்தில் படகு இருக்கும்போது அதன் ஆர்முடுகல் மேல்நோக்கியது. அது 2 m/s² என்றால் விளையுள் விசை 0.5 × 2 = 1 நியூற்றன், ஆகவே பலகையின் விசை 6. அலையின் உச்சியில் அதே அளவு ஆர்முடுகல் கீழ்நோக்கி இருக்கும், அப்போது 4. படகு மேலே போகிறதா கீழே வருகிறதா என்பது இங்கே கேள்வியல்ல, ஆர்முடுகலின் திசையை மட்டும் பார்க்க வேண்டும். நிறை எங்கும் 5 தான். பலகை புத்தகத்தை 6-ஆல் தள்ளும்போது புத்தகமும் பலகையை 6-ஆல் தள்ளும், 4 என்றால் 4. மூன்றாம் விதிக்கு ஓய்வும் ஆர்முடுகலும் ஒன்றுதான்.

அதனால் விடைத்தாளில் இரண்டு காரணங்களையும் தனித்தனியே எழுதுங்கள். நிறையும் செவ்வன் மறுதாக்கமும் சமன் என்பதற்கு ‘ஆர்முடுகல் பூச்சியம், ஆகவே விளையுள் விசை பூச்சியம்’. புத்தகமும் மேசையும் ஒன்றையொன்று தள்ளும் விசைகள் சமன் என்பதற்கு ‘நியூற்றனின் மூன்றாம் விதி’.

அன்புடன்.