மறுபடி சூடாக்கிய பால்கோவா ஏன் வாந்தி எடுக்க வைத்தது?

கேள்வி: மூன்று கறவை மாடு இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்கு 4 கிலோ பால்கோவா கிண்டி, இரவு 9 மணிக்கு இறக்கி, கையால் உருட்டிப் பார்த்துவிட்டு வாணலியோடு மூடி வைத்தேன். புல் அறுக்கும்போது வெட்டிய விரலில் துணி சுற்றியிருந்தேன். காலையில் நன்றாகச் சூடாக்கித்தான் பரிமாறினேன். மூன்று மணி நேரத்தில் எட்டுப் பேருக்கு வாந்தி. புளிப்பு, நாற்றம் எதுவும் இல்லை. பால் கெட்டிருந்ததா?

பதில்: பால்மேல் தவறு இருந்திருக்க வாய்ப்பு குறைவு. சந்தேகம் உங்கள் விரல்மேல்தான். சீழ் வைத்த காயத்திலும் பலருடைய மூக்கிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி குடியிருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே காய்ச்சல் அதிகமில்லாமல் வாந்தி கிளம்பியதும் அதன் குணத்தோடு ஒத்துப்போகிறது. ஆய்வகத்தில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

கிண்டும்போது பாலில் இருந்த கிருமிகள் அநேகமாக எல்லாம் செத்துவிட்டன. அதுவே வினையாகிவிட்டது. தயிரில் புளிக்கவைக்கும் கிருமிகள் கூட்டமாக இருந்து இதை எழும்ப விடாது. கோவாவிலோ போட்டிக்கு ஆளில்லை. மற்ற பல கிருமிகளைத் தடுக்கும் சர்க்கரையும் இதைத் தடுப்பதில்லை. அப்புறம், 4 கிலோவை ஒரே குவியலாக மூடி வைத்தால் அதன் நடுப்பகுதி விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டில் கிருமி அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு கிராமில் லட்சத்தைத் தாண்டிவிட்டால், அது கக்கும் நஞ்சு ஆளைப் படுக்கவைக்கப் போதும்.

காலையில் சூடாக்கியபோது கிருமி செத்தது, நஞ்சு சாகவில்லை. அரை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அது பெரும்பாலும் அப்படியே நிற்கும். ருசியிலும் மணத்திலும் காட்டிக்கொடுக்காது. 2000-ல் ஜப்பானின் ஹொக்கைடோவில் ஒரு பால்பவுடர் ஆலையில் மின்சாரம் போய்ப் பால் சூடாகவே நின்றது. பிறகு முறைப்படி கிருமிநீக்கம் செய்துதான் பவுடராக்கினார்கள். அதைக் கலந்த பாலைக் குடித்து 13,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள்.

மிச்சமிருக்கும் கோவாவைக் குழியில் புதைத்துவிடுங்கள், நாய்க்கும் போட வேண்டாம். வாந்தி எடுத்தவர்களுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். குழந்தை, வயதானவர், நிற்காத வாந்தி என்றால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த முறை இறக்கியதும் சுத்தமான தட்டுகளில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். பதம் பார்க்கக் கரண்டி போதும். விரலில் காயம் இருந்தால் அன்று வேறு யாராவது கிண்டட்டும்.

மடிநோய் வந்த மாட்டுப் பாலிலும் இதே கிருமி இருக்கலாம். கறந்த பாலை மணிக்கணக்கில் வெளியே வைத்துவிட்டுக் காய்ச்சினால் அங்கேயும் இதே கதைதான். கறவைக்கு முன் முதல் பீச்சலைக் கருப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக விழுந்தால் அந்த மாட்டுப் பாலைத் தனியே ஒதுக்கிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.