மீன் தொட்டியின் எடை: ஸ்டாண்டு தாங்குமா?

"நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி வாங்கியிருக்கிறேன். 10 எம்.எம். கண்ணாடி. கடையில் 240 லிட்டர் என்றார்கள். கூழாங்கல், இரண்டு பாறை, ஒரு மரக்கட்டை எல்லாம் வைத்தால் மொத்தம் என்ன எடை வரும்? வீட்டில் ஒரு இஞ்ச் ஆங்கிளில் அடித்த பழைய நாலு கால் ஸ்டாண்டு இருக்கிறது. தாங்குமா?"
– ஒரு வாசகர்

கடைக்காரர் வெளி அளவைப் பெருக்கிச் சொல்லியிருக்கிறார். 120 × 45 × 45 செ.மீ. என்றால் 243 லிட்டர் வரும், சரிதான். ஆனால் தண்ணீர் நிற்பது உள்ளே. கண்ணாடியின் கனத்தைக் கழித்தால் உள்நீளம் 118, உள்அகலம் 43. விளிம்பு வரை யாரும் ஊற்றுவதில்லை. மேலே நாலு செ.மீ. விட்டால் நீர்மட்டம் 40. இதைப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 203 லிட்டர்.

இதிலும் கூழாங்கல் இடம் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு என்பதை ஒரு பக்கெட்டிலேயே பார்த்துவிடலாம். பத்து லிட்டர் பக்கெட்டில் கழுவிய கல்லை விளிம்பு வரை நிரப்புங்கள். பிறகு ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றுங்கள். ஏறக்குறைய நாலு பாட்டில் போனதும் வழியும். அதாவது பத்தில் ஆறு பங்கு கல், நாலு பங்கு இடுக்கு. உங்கள் தொட்டியில் ஐந்து செ.மீ. கனத்துக்குப் பரப்ப 25 லிட்டர் கல் வேண்டும். அதன் எடை சுமார் 40 கிலோ. அது தள்ளும் தண்ணீர் 15 லிட்டர். இரண்டு பாறையும் சேர்ந்து 15 கிலோ என்று வைத்துக்கொண்டால் இன்னும் ஆறு லிட்டர் போகும். மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டையை விட்டுவிடலாம். அது தள்ளும் தண்ணீரும் அதன் எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆக, தண்ணீர் 182 லிட்டர், அதே 182 கிலோ. இந்த எண்ணைத் தொட்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். மீனுக்கு மருந்து போடும்போது 240 என்று நினைத்து ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

கண்ணாடிக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு எம்.எம். கனத்துக்கு இரண்டரை கிலோ. பத்து எம்.எம். என்றால் 25 கிலோ. உங்கள் தொட்டியின் ஐந்து கண்ணாடியும் சேர்ந்து இரண்டு சதுர மீட்டர், அதாவது 50 கிலோ. தண்ணீர், கண்ணாடி, கல், பாறை எல்லாம் 287. மூடி, விளக்கு, ஃபில்டர் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறி விளிம்பு வரை நிரம்பினால் 320. "தண்ணீருக்குள் கல் எடை குறையுமே" என்று சிலர் கழிப்பார்கள். கையில் தூக்கினால் குறைவாகத் தெரியும், உண்மைதான். ஸ்டாண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இனி ஸ்டாண்டு. நாலு காலுக்கும் பிரித்தால் காலுக்கு 75, 80 கிலோ, கால் நசுங்கிவிடாது. பிரச்சினை முன்னும் பின்னும் ஓடும் நாலடிக் கம்பியில். ஒரு இஞ்ச் ஆங்கிள், 3 எம்.எம். கனம், நடுவில் கால் இல்லை; அதன்மேல் 150 கிலோ பரவி உட்கார்ந்தால் கணக்குப்படி இரண்டு செ.மீ. தொய்யும். இரும்பு மறுபடி நிமிராத அளவுக்கு அது அதிகம். கண்ணாடி அப்படி வளையாது. கம்பி கீழே இறங்க, தொட்டி இரண்டு ஓரத்தில் மட்டும் நிற்கும். நடுவில் அடிக்கண்ணாடிக்குத் தாங்கல் இருக்காது. ஒரு நாள் சிலிக்கான் விடும், அல்லது கண்ணாடி கீறும்.

என் முதல் தொட்டியை ஒரு பிளைவுட் டிவி மேஜைமேல் வைத்தேன். மூன்றாவது மாதம் மேஜையின் கதவு மேலே உரசத் தொடங்கியது. ஈரத்தில் உப்பிவிட்டது என்று கதவை இழைத்தேன்! உண்மையில் பலகைதான் தொய்ந்திருந்தது.

உங்கள் ஸ்டாண்டைத் தூக்கிப்போட வேண்டாம். வெல்டிங் பட்டறையில் கொடுத்து முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என நடுக்கால் வைக்கச் சொல்லுங்கள். பாதி நீளமானால் தொய்வும் பாதியாகும் என்று நினைக்காதீர்கள், பதினாறில் ஒரு பங்காகும், ஒரு எம்.எம்.-ஐச் சுற்றித்தான் நிற்கும். பின்பக்கம் ஒரு குறுக்குப் பட்டியும் சாய்வாக அடித்துவிட்டால் பக்கவாட்டில் ஆடாது. மேலே முக்கால் இஞ்ச் பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல், அப்புறம் தொட்டி. மாடி வீடு என்றால் சுவரை ஒட்டியே வையுங்கள், நடு அறையில் வேண்டாம்.

முதலில் பாதி தண்ணீர் ஊற்றி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நீளக் கம்பியின் அடியில் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். முழுதும் நிரப்பி ஒரு இரவு விட்டுக் காலையில் பாருங்கள். கம்பி எங்காவது நூலை அந்த ஒரு எம்.எம்.-ஐத் தாண்டிக் கீழே தள்ளியிருந்தால், மீன் விடாதீர்கள். தண்ணீரை இறக்கிவிட்டு ஸ்டாண்டை மறுபடி பட்டறைக்கு அனுப்புங்கள்.